நாலரை இன்ச் சுவரில் பைப் புதைக்கும் முன்: கன்சீல்டு வயரிங் வழிகாட்டி

இப்போது கட்டும் வீடுகளில் வெளிச்சுவர் ஒன்பது இன்ச், உள்சுவர் நாலரை இன்ச் என்பது வழக்கமாகிவிட்டது. தூணும் பீமும் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் உள்ளே இருப்பவை வெறும் தடுப்புச் சுவர்கள். ஆனால் சுவிட்ச் போர்டு, பெட் பக்கத்து போர்டு, டிவி பாயின்ட் எல்லாம் பெரும்பாலும் இந்த மெல்லிய சுவர்களில்தான் வருகின்றன. கன்சீல்டு வயரிங்கில் நடக்கும் தவறுகளில் பல, ஒன்பது இன்ச் சுவரை வெட்டுவது போலவே இதையும் வெட்டுவதால் வருபவை. எனவே அந்தச் சுவரையே மையமாக வைத்து ஒரு படுக்கையறையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். எலக்ட்ரீஷியனிடம் உதவியாளாகச் சேர்ந்தவருக்கும், தன் வீட்டு வேலையைப் பக்கத்தில் நின்று கவனிப்பவருக்கும் இது உதவும். ஒயர் இணைப்பு கொடுப்பதும் மின்சாரம் ஏற்றுவதும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. அதில் கை வைக்க வேண்டாம்.

எவ்வளவு ஆழம் வெட்டலாம்

செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக வெட்டும் காடி, சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. படுக்கைவாட்டில் வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான். பாரம் தாங்கும் சுவரை மனதில் வைத்துச் சொன்னது என்றாலும், தடுப்புச் சுவருக்கும் இதையே பிடித்துக்கொள்வது நல்லது. மெல்லிய சுவர் பாரத்தால் விழாது, ஆனால் கதவை ஓங்கிச் சாத்தும் அதிர்விலேயே காடி ஓரமாக விரிசல் விடும்.

இதை நம் சுவருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது இன்ச் சுவர் 230 மி.மீ. என்றால் நெட்டுக்காடி 76 மி.மீ., படுக்கைக்காடி 38 மி.மீ. வரை போகலாம். நாலரை இன்ச் சுவர் 115 மி.மீ. அதில் நெட்டுக்கு 38, படுக்கைக்கு வெறும் 19.

வெட்டும் ஆழம் எவ்வளவு தேவை? 25 மி.மீ. பைப்பின் வெளி விட்டம் 25தான். அது செங்கல் முகத்துக்கு ஐந்து மி.மீ. உள்ளே உட்கார வேண்டும், அதற்கு மேல் 12 மி.மீ. பூச்சு வரும். ஆக 30 மி.மீ. ஆழக் காடி. நாலரை இன்ச் சுவரில் நெட்டாக வெட்டினால் 38க்குள் அடங்கிவிடுகிறது. படுக்கையாக வெட்டினால் 19 இருக்க வேண்டிய இடத்தில் 30 போகிறது. மெல்லிய சுவரில் பைப் மேலிருந்து இறங்கலாம், கீழிருந்து ஏறலாம், ஆனால் பக்கவாட்டில் ஓடக்கூடாது. பைப் போகும் பாதையைத் தீர்மானிப்பது இந்த ஒரு கணக்குதான்.

குறுக்கு வழியாக 20 மி.மீ. பைப் போட்டாலும் ஐந்து சேர்த்து 25 ஆகிவிடும். அதுவும் 19க்கு மேல்தான். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அந்தக் கல்லின் வெளி ஓடு மெல்லியது, 30 வெட்டினால் நடுக்குழி திறந்துவிடும். அங்கே படுக்கையாக வெட்டுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

பாதை: போர்டிலிருந்து மேலே, ஸ்லாப் வழியாக, மறுபடி கீழே

நம் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்து அடி. கதவு பக்கத்துச் சுவர் நாலரை இன்ச். அதில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மெயின் சுவிட்ச் போர்டு. அதே சுவரில் எட்டு அடி தள்ளி, இரண்டரை அடி உயரத்தில் பெட் பக்கத்து போர்டு. படுத்தபடியே விளக்கை அணைக்க டூ வே சுவிட்சும், போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும் அங்கே வேண்டும்.

அவசரத்தில் இருக்கும் ஆள் என்ன செய்வார்? ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு நேராக, பெரும்பாலும் சாய்வாக, எட்டு அடிக்கு ஒரே கோடு இழுத்து வெட்டிவிடுவார். ஒயரும் பைப்பும் மிச்சம். ஆனால் எட்டு அடி நீளத்துக்குச் சுவரின் கால்பங்கு கனம் போய்விடும். இன்னொன்று, சாய்வாகப் போகும் பைப்பை யாரும் ஊகிக்க முடியாது. நான்கு வருடம் கழித்து ஷெல்ஃப் மாட்ட வருபவர் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் பைப் இருக்கும் என்று தள்ளி டிரில் போடுவார். சாய்வில் போன பைப் அங்கேதான் காத்திருக்கும்.

சரியான வழி: போர்டிலிருந்து நேரே மேலே ஐந்தரை அடி, ஸ்லாப்பில் எட்டு அடி, அங்கிருந்து பெட் போர்டுக்கு ஏழரை அடி இறக்கம். மொத்தம் 21 அடி. நேர்க்கோட்டில் போனால் எட்டு அடி, இதில் 13 அடி கூடுதல். ஓடும் ஒவ்வொரு ஒயருக்கும் இந்தக் கூடுதல் செலவு வரும் என்பது உண்மைதான். சுவரைத் திருப்பிப் பூசும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கான்கிரீட் போடும் முன்பே ஸ்லாப்பில் பைப் படுத்திருக்க வேண்டும். கம்பி கட்டி முடித்த அன்றே எலக்ட்ரீஷியன் ஷட்டரிங் மேல் ஏற வேண்டும். எந்தச் சுவருக்கு எந்த இடத்தில் பைப் இறங்க வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் கட்டில் எங்கே, பீரோ எங்கே, ஏசி எங்கே என்று வீட்டுக்காரர் அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஸ்லாப் போட்டு முடித்துவிட்டு பெட் போர்டு கேட்டால், மிச்சம் இருக்கும் வழிகள் இரண்டு: ஃபால்ஸ் சீலிங் வருமானால் அதற்கு மேலே, இல்லையென்றால் டைல்ஸ் ஒட்டும் முன் தரை மட்டக் கலவைக்குள். தரை வழியைப் பாத்ரூம் பக்கத்துச் சுவரோரம் கொண்டுபோக வேண்டாம்.

தூணையும் பீமையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது. உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும்படி செதுக்கிவிட்டு, மேலே சிமென்ட் பூசி மறைக்கிற வேலையை நிறைய இடத்தில் பார்க்கலாம். போர்டு தூணில் விழுகிறதென்றால் போர்டைத்தான் நகர்த்த வேண்டும்.

ஒரு இறக்கத்தில் எத்தனை ஒயர்

இந்த அறையில் இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு நைட் லாம்ப். ஒரு டியூப் லைட்டுக்கு மட்டும் டூ வே. மெயின் போர்டிலிருந்து மேலே போகிற, வருகிற ஒயர்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிபியிலிருந்து வரும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று. பெட் போர்டின் பிளக்குக்குப் போகும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று. டூ வே சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் இரண்டு. இன்னொரு டியூப், ஃபேன், நைட் லாம்ப் மூன்றுக்கும் சுவிட்சிலிருந்து போகும் ஒயர்கள் மூன்று. விளக்குகளுக்கு ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஆக மொத்தம் 13.

பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் நிரப்பக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. 25 மி.மீ. மீடியம் பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ., அதன் பரப்பு சுமார் 346 சதுர மி.மீ. 40 சதவீதம் என்றால் 138. 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இன்சுலேஷனோடு சேர்த்து சுமார் எட்டு சதுர மி.மீ. இடம் பிடிக்கும். 13 ஒயருக்கு 104. காகிதத்தில் அடங்குகிறது. ஆனால் பெண்டு தாண்டி 13 ஒயரை இழுத்துப் பாருங்கள், உள்ளே முறுக்கிக்கொண்டு இன்சுலேஷன் உரியும். எனவே இரண்டு பைப். ஒன்றில் டிபி லைனும் பெட் போர்டு லைனும் சேர்த்து எட்டு ஒயர், மற்றதில் விளக்கு, ஃபேனுக்கான ஐந்து.

இரண்டையும் ஒட்டிவைத்து ஒரே அகலக் காடியாக வெட்டாதீர்கள். பாக்ஸின் இரு ஓரத்துத் துளைகளுக்கு ஆளுக்கொன்றாக இறக்கி, நடுவே செங்கல் நிற்கும்படி விட்டால் சுவர் பலமாக இருக்கும். ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், தனிப் பைப், டிபியில் தனி எம்சிபி. அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கவே கூடாது. டிவி கேபிளும் இன்டர்நெட் கேபிளும் கரன்ட் ஒயரோடு ஒரே பைப்பில் வரக்கூடாது.

வெட்டும் முறை

கட்டி முடித்த சுவர் நன்றாக நனைந்து இறுகும் வரை கை வைக்க வேண்டாம். கலவை பச்சையாக இருக்கும்போது உளி விழுந்தால் நாலரை இன்ச் சுவரில் கல் அப்படியே இணைப்பிலிருந்து அசைந்துவிடும்.

முதலில் தரை மட்டம். இப்போது தெரியும் கான்கிரீட்டிலிருந்து அளந்தால், டைல்ஸும் அதன் கலவையும் வந்த பிறகு போர்டுகள் எல்லாம் இரண்டு, மூன்று இன்ச் தாழ்ந்துவிடும். அதனால் டியூப் லெவல் பிடித்து வீடு முழுக்க ஒரே மட்டக்கோடு போட்டு, அதிலிருந்து அளக்க வேண்டும். அப்புறம் தூக்குக்குண்டு விட்டு பைப் இறங்கும் கோட்டைச் சாயநூலால் அடியுங்கள்.

25 மி.மீ. பைப்புக்கு 35 மி.மீ. அகலம் போதும். கட்டர் மெஷினால் இரண்டு இணைக்கோடு ஓட்டிவிட்டு, நடுவில் இருப்பதை உளியால் பெயர்ப்பதுதான் முறை. நாலு இன்ச் பிளேடு போட்ட சின்னக் கட்டர் ஏறத்தாழ 30 மி.மீ. தான் உள்ளே போகும். நமக்குத் தேவையான ஆழமும் அதுவே. மெஷின் இல்லாமல் வெறும் உளியால் அடித்தால், ஓர் இடத்தில் 20, இன்னோர் இடத்தில் 50 என்று காடி அலைபாயும். சந்தேகமாக இருந்தால் ஒரு குச்சியில் 30 மி.மீ. குறி போட்டு அடிக்கு ஓர் இடத்தில் குத்திப் பாருங்கள். பிளேடு ஓட்டும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், செங்கல் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

காடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பைப்பை வைத்து இரண்டு அடிக்கு ஓர் இடத்தில் ஆணியும் கட்டுக்கம்பியும் கொண்டு பிடிக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கு கலவையால் செங்கல் முகத்துக்குச் சற்று உள்ளடங்கலாக நிரப்பி, அதன்மேல் காடியின் இரு பக்கமும் இரண்டு இன்ச் ஏறும்படி கோழி வலை அடியுங்கள். இந்த வலையை விட்டுவிட்டால், பெயின்ட் அடித்து ஒரு வெயில் காலம் போனதும் பைப் போன பாதை சுவரில் கோடாகத் தெரியும். ஒரு மெல்லிய விரிசல் போர்டுக்கு நேர்மேலே ஸ்லாப் வரை ஓடினால் காரணம் அநேகமாக இதுதான்.

பாக்ஸ் வைப்பதில் மில்லிமீட்டர் கணக்கு

மாடுலர் மெட்டல் பாக்ஸ் சுமார் 50 மி.மீ. ஆழம். பூச்சு 12 போக, செங்கலுக்குள் 38 போகும். நாலரை இன்ச் சுவருக்கான மூன்றில் ஒரு பங்கை அது அப்படியே பிடித்துக்கொள்கிறது, ஒரு மி.மீ.கூட மிச்சமில்லை. அதனால் இந்தப் பக்கம் பாக்ஸ் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், அடுத்த அறையில் இன்னொரு பாக்ஸ் வைக்கக்கூடாது. இரண்டும் 38 எடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பது ஒன்றரை இன்ச் செங்கல். அது வெட்டும்போதே உடைந்து, ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு வெளிச்சம் தெரியும். குறைந்தது ஒரு செங்கல் நீளமாவது தள்ளி வையுங்கள்.

பாக்ஸின் விளிம்பு முடிந்த பூச்சோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கொத்தனார் பூச்சுக்கு மட்டப்புள்ளி வைத்த பிறகு, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே நூல் பிடித்து பாக்ஸை உட்கார வைத்தால் தவறு வராது. புள்ளி வைக்கும் முன் ஊகத்தில் வைத்தால், ஒன்று பாக்ஸ் வெளியே துருத்தும், இல்லை உள்ளே மூழ்கி பிளேட் ஸ்க்ரூ எட்டாது. ரசமட்டம் வைத்துப் பார்க்க மறக்க வேண்டாம். பாக்ஸ் சாய்ந்தால் பிளேட்டும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். பைப் நுழையும் துளையில் கூரான விளிம்பு இருக்கும், ஒயர் அதில் உரசாதபடி புஷ் போட வேண்டும். பூச்சுக்கு முன் பாக்ஸை காகிதமோ தெர்மாகோலோ வைத்து அடைத்துவிடுங்கள்.

ஜங்ஷன் பாக்ஸ் எதற்கென்றால், பைப் பிரியும் இடத்துக்கும் வளைவு அதிகமாகும் இடத்துக்கும். ஒயர் இழுக்கும் இரு இடங்களுக்கு நடுவே இரண்டு பெண்டு வரை சிரமமில்லை. மூன்றாவது வருமானால் அங்கே ஒரு பாக்ஸ் வையுங்கள். சுவரிலிருந்து ஸ்லாப்புக்குத் திரும்பும் இடத்தில் குட்டை எல்போ போடாமல், ஸ்பிரிங் விட்டு வளைத்த பெண்டோ லாங் பெண்டோ போடுங்கள். வளைவின் உள் ஆரம் ஏழரை செ.மீ.க்குக் குறையக்கூடாது. ஸ்லாப்பில் டீப் பாக்ஸ் பதித்து, அதன் வாயை நன்றாக அடைத்து, பைப் இணைப்புகளுக்கு எல்லாம் சால்வென்ட் தடவியிருக்க வேண்டும். ஒரு சாக்கெட் கழன்றிருந்தால் போதும், கான்கிரீட் பால் உள்ளே புகுந்து அந்த வழியே மூடிப்போகும்.

ஜங்ஷன் பாக்ஸை மூடியோடு சுவர் மட்டத்தில் விட வேண்டும், அதன்மேல் பூசி மறைக்கவே கூடாது. அழகுக்காக மறைக்கச் சொல்லி வீட்டுக்காரரே வற்புறுத்துவதும் உண்டு. அப்போது பாக்ஸை பீரோவுக்குப் பின்னால் வரும்படி நகர்த்திக் கொடுங்கள், மறைக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒயர் இணைப்பு பாக்ஸுக்குள் மட்டுமே இருக்கலாம். பைப்புக்குள் ஒரு ஜாயின்ட் கிடந்தால், அது சூடாவதும் யாருக்கும் தெரியாது, திறந்து பார்க்கவும் வழியில்லை. முடிந்தவரை சுவிட்ச் பாக்ஸிலேயே ஒயரை லூப் அடித்துக் கொண்டுபோனால் ஜாயின்டே தேவைப்படாது.

பூச்சுக்கு முன் ஒவ்வொரு பைப்பிலும் ஸ்டீல் கம்பி விட்டுப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். இது ஐந்து நிமிட வேலை. பிறகு எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

நிறங்கள்

நம் ஊர் வீட்டு வயரிங்கில் மூன்று ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. எர்த் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றே போதும். த்ரீ ஃபேஸ் வீட்டில் எந்த அறை எந்த ஃபேஸில் வருகிறதோ அந்த நிறமே அறை முழுக்க ஓட வேண்டும். நம் படுக்கையறை மஞ்சள் ஃபேஸ் என்றால் டிபியிலிருந்து வரும் ஃபேஸும் மஞ்சள், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போவதும் மஞ்சள். சுவிட்ச் ஒயர்களை ஒன்றுக்கொன்று பிரித்தறிய இரு முனையிலும் எண் போட்ட ஸ்லீவ் மாட்டுங்கள். ஒரே போர்டுக்குள் இரண்டு ஃபேஸ் வரவிடாதீர்கள். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே சுமார் 400.

நீலத்தில்தான் ஆபத்து. ஏசி, கீசர் போன்றவற்றோடு வரும் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நீல ஃபேஸில் ஓடும் அறையில், நீலத்துக்கு நீலம் சரியாக இருக்கிறது என்று கார்டைச் சேர்த்தால், நியூட்ரல் முனையில் ஃபேஸ் ஏறிவிடும். சாதனம் ஓடவும் செய்யும். சாதனத்தின் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரன்ட் நிற்கும். எனவே கார்டு இணைக்கும்போது நிறத்தைப் பார்த்துச் சேர்க்காமல், டெர்மினலில் உள்ள எழுத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

கறுப்பு ஒயர் தீர்ந்துவிட்டது, பச்சையில் நியூட்ரல் விடலாம் என்று ஒரு யோசனை கடைசி நாளில் வரும். வேலையை நிறுத்திக் கறுப்பு வாங்கி வரச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் பச்சையைத் தொடுவதற்கு யோசிக்க மாட்டார். அதுபோலவே பக்கத்து அறையின் நியூட்ரலைக் கடன் வாங்கி விளக்குக்குக் கொடுப்பதும் கூடாது. கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இரண்டு அறைக்கும் தனித்தனியாக இருந்தால், அந்த விளக்கைப் போட்டதும் டிரிப் ஆகும். "ஆர்சிசிபி மோசம்" என்று அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்வெர்ட்டர் லைனுக்கும் டிபியிலிருந்தே தனி நியூட்ரல் வேண்டும். ஈபி மெயினை அணைத்தாலும் அந்த லைனில் கரன்ட் இருக்கும் என்பதால், அதன் எம்சிபி மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒயர் இழுத்த பிறகு

பூச்சு காய்ந்த பிறகுதான் ஒயர் இழுக்க வேண்டும். ஒரு பைப்புக்குரிய எல்லா ஒயரையும் சேர்த்து ஒரே தடவையில் இழுங்கள், பிறகு ஒன்றைத் தனியாக நுழைத்தால் ஏற்கெனவே உள்ளதை உரசும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் மறுமுனையில் முறுக்கில்லாமல் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

சுவிட்ச், விளக்கு எதுவும் மாட்டாத நிலையில் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சோதியுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மின்சாரம் ஏற்றக்கூடாது. புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும், அதனால் இரண்டு, மூன்று மெகா ஓம் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

நம் அறையில் பெட் போர்டு லைன் குறைவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாப்பின் டீப் பாக்ஸில் லூப்பைப் பிரித்து, மெயின் போர்டு பக்கத்துப் பாதியையும் பெட் போர்டு பக்கத்துப் பாதியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பெட் போர்டு பாதியில் குறைவென்றால், அந்த ஏழரை அடி இறக்கத்தில்தான் கோளாறு. அடுத்த நாள் மறுபடி அளந்து எண் ஏறியிருந்தால் பூச்சு ஈரம் பைப்புக்குள் இறங்கியிருக்கிறது, காய விடலாம். மாறாமல் நின்றால் ஒயரை வெளியே உருவி, கை வைத்துத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் பைப்பைப் பிடிக்க அடித்த ஆணி ஏதாவது ஓர் இடத்தில் பைப்பைத் துளைத்து இன்சுலேஷனைக் கீறியிருக்கும். கீறல் இருக்கும் நீளத்தைப் போட்டோவில் தெரியும் டேப்போடு ஒப்பிட்டால், சுவரில் எந்த உயரத்தில் உடைக்க வேண்டும் என்பது ஓரிரண்டு இன்ச்சுக்குள் தெரிந்துவிடும். அந்த ஆணியைப் பிடுங்கி, பைப்பின் அந்தத் துண்டை மாற்றி சாக்கெட் போட்டு ஒட்டி, முழு ஒயரையும் புதிதாகவே இழுங்கள். கீறிய இடத்தில் டேப் சுற்றி மறுபடி பைப்புக்குள் அனுப்பக்கூடாது.